இரவல் கொடுத்த பவர் பேங்க்: 14 மாதப் பயன்பாட்டு அனுபவம்

நான் வைத்திருப்பது 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள, சட்டைப்பையில் அடங்கக்கூடிய ஒரு பவர் பேங்க். போன்களுக்கு மின்சாரம் கொடுக்கப் பழைய வகைச் செவ்வக யூஎஸ்பி துளைகள் இரண்டும், பவர் பேங்கைச் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் ஒரு டைப்-சி துளையும் அதில் உள்ளன. அதிகபட்சம் 18 வாட் வரை கொடுக்கும் என்று அதன் முதுகில் அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. முதல் மூன்று மாதங்கள் குறை சொல்ல இடமே வைக்காமல் உழைத்த இந்தப் பொருள், நான்காவது மாதத்திலிருந்து மிக மெதுவாகச் சார்ஜ் ஏற்றத் தொடங்கியது. உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்து, வேறொன்று வாங்குவதற்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த முடிவு தவறு என்பது, பக்கத்து இருக்கைக்காரருக்கு அதை இரவல் கொடுத்த ஓர் இரவில்தான் தெரிந்தது.

கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பேருந்தில் இரவு ஏழரை மணிக்கு ஏறியிருந்தேன். சன்னல் ஓரத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். திருமண நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கும் குழுவில் வேலை செய்வதாகவும், மறுநாள் காலை கோவில்பட்டியில் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னார். முந்தைய நாள் வேலை செய்த மண்டபத்திலேயே சார்ஜரை மறந்து வைத்துவிட்டார். இருக்கைக்கு மேலே சார்ஜ் செய்யும் துளை இருந்தும் அதில் மின்சாரம் வரவில்லை. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியபோது அவருடைய போனில் 4 சதவீதம் மீதம் இருந்தது. விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்ல வேண்டியவருடைய எண்ணும், மண்டபத்தின் முகவரியும் அந்தப் போனுக்குள்தான் இருந்தன.

பையிலிருந்து பவர் பேங்கை எடுத்து, அதனுடன் எப்போதும் சுற்றியே வைத்திருக்கும் சாண் நீளக் கேபிளோடு கொடுத்தேன். "கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும் தம்பி, பழசாயிடுச்சு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். "பரவாயில்லை சார், காலைல வரைக்கும் உயிரோட இருந்தாப் போதும்" என்றார் அவர். அப்போது மணி எட்டேகால்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இரவு உணவுக்காக வண்டி நின்றபோது ஒன்பது ஐம்பது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் சார்ஜில் இருந்த போனில் 10 சதவீதம்தான் காட்டியது. இடையில் அவர் எடுத்த படங்களைச் சிலருக்கு அனுப்பிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார் என்பது உண்மைதான். இருந்தாலும் ஆறு சதவீதம் என்பது எனக்கே சங்கடமாக இருந்தது. பூட்டிய திரையின் அடியில் சிறிய எழுத்தில் Charging slowly என்று இருந்ததை அவர்தான் காட்டினார். என் போனிலும் பல மாதங்களாக அதே வரிதான் வந்துகொண்டிருந்தது. அதைப் பவர் பேங்கின் முதுமைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு யோசிக்காமல் விட்டிருந்தேன். உண்மையில் அந்த வரி பவர் பேங்கின் வயதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. போனுக்குள் வந்து சேரும் மின்சாரம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

சாப்பிட்டுவிட்டு வந்து அமர்ந்ததும் அவர் கேபிளைக் கழற்றி, விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, "சார், இந்தக் கேபிள்ல போட்டோ ஏறுமா?" என்று கேட்டார். எனக்குக் கேள்வி புரியவில்லை. கேமராவிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றும்போது சில கேபிள்களைச் சொருகினால் கணினி கேமராவைக் கண்டுகொள்வதே இல்லை என்றும், அப்படிப்பட்ட கேபிள்களை வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று தங்கள் குழுவில் தனியே ஒதுக்கிவிடுவார்கள் என்றும் விளக்கினார். அந்த வகைக் கேபிளில் போன் வைத்தால் சார்ஜும் மந்தமாகவே ஏறும் என்பது அவருடைய அனுபவம். மேலே வைத்திருந்த கேமராப் பையை இறக்கி, படம் மாற்றுவதற்காக வைத்திருந்த தடிமனான கேபிளை எடுத்து அதே பவர் பேங்கின் அதே துளையில் சொருகினார். இரண்டு மூன்று வினாடிகள் கழித்துத் திரையில் Charging rapidly என்று வந்தது.

அந்த வரியைப் பத்து மாதங்களுக்குப் பிறகு என் பவர் பேங்க் சொருகிய ஒரு போனில் பார்த்தேன். பவர் பேங்கும் போனும் அவைதான். மாறியது கேபிள் மட்டுமே. உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, இரவு பதினொன்றேகால் மணிக்கு அவர் பார்த்தபோது 58 சதவீதம் ஏறியிருந்தது.

அந்தச் சின்னக் கேபிள் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் நினைவுபடுத்திப் பார்த்தேன். பவர் பேங்குடன் வந்த கேபிளை நான்காவது மாதத்தில் அலுவலகத்தில் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, முகச்சவரம் செய்யும் ஒரு ட்ரிம்மருடன் வந்த கேபிளைப் பையில் போட்டுக்கொண்டேன். ட்ரிம்மர் பழுதாகிப் போய்க் கேபிள் மட்டும் மீந்திருந்தது. நீளம் குறைவாக இருந்ததால் பயணத்துக்கு வசதியாகவும் பட்டது. பவர் பேங்க் தளர்ந்துவிட்டதாக நான் நினைத்த மாதமும் அதே நான்காவது மாதம்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்த முதல் வேலை, அந்தக் கேபிளால் போனைக் கணினியுடன் இணைத்துப் பார்த்ததுதான். சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. ஆனால் கோப்புகளை மாற்ற வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்கும் அறிவிப்பு வரவில்லை. கணினியும் போன் ஒன்று இணைந்திருப்பதாகவே காட்டவில்லை. பிறகு, இனி அது எதற்கும் வேண்டாம் என்பதால், நடுவில் வெட்டி வெளி உறையை உரித்தேன். வழக்கமான யூஎஸ்பி கேபிளுக்குள் குறைந்தது நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பிலும் கறுப்பிலும் மின்சாரம் போய்வரும். பச்சையும் வெள்ளையும் தகவலுக்கானவை. என் கேபிளை உரித்தபோது தலைமுடி போன்ற செம்பு இழைகள் கொண்ட ஒரு சிவப்புக் கம்பியும் ஒரு கறுப்புக் கம்பியும் மட்டுமே இருந்தன. மீதி இடத்தை வெள்ளை நூல் நிரப்பியிருந்தது.

ட்ரிம்மருக்கு அது போதும். அது கொஞ்சம் மின்சாரத்தை மட்டுமே இழுக்கும் கருவி. யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை. டார்ச் விளக்கு, சிறிய மின்விசிறி, காதுக் கருவி போன்றவற்றுடன் வரும் கேபிள்களிலும் தகவல் கம்பிகளை விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பதே. உற்பத்திச் செலவு குறைகிறது. அந்தக் கருவிக்கு இழப்பும் இல்லை. அதே கேபிளைப் போனுக்குப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது.

சார்ஜ் ஏறுவது என்பது தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்குவதைப் போன்றது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பவர் பேங்க் 18 வாட் கொடுக்கும் என்றால், சொருகியவுடன் 18 வாட்டும் போனுக்குள் தள்ளப்படும் என்று நினைத்தேன். அப்படி நடப்பதில்லை. எவ்வளவு மின்னோட்டத்தை இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது போன். மறுபுறம் இருப்பது என்ன, அதனால் எவ்வளவு தாங்க முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகே போன் அதிகமாக இழுக்கும். அது கணினியின் ஒரு துளையாக இருக்கலாம். பழைய யூஎஸ்பி விதிப்படி அந்தத் துளையிலிருந்து எடுக்கக்கூடிய அளவு அரை ஆம்பியர் மட்டுமே. சுவரில் சொருகிய சார்ஜராகவோ பவர் பேங்காகவோ இருந்தால் ஒன்றரை ஆம்பியரோ அதற்கு மேலோ எடுக்கலாம். இந்த வேறுபாட்டைப் போன் அறிந்துகொள்வது பச்சை, வெள்ளைக் கம்பிகள் வழியாகத்தான். சாதாரணச் சார்ஜர்கள் தங்கள் பக்கத்தில் அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும். போன் ஒரு கம்பியில் சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, அது மற்றொரு கம்பி வழியாகத் திரும்பி வருகிறதா என்று சோதிக்கும். திரும்பி வந்தால், எதிரில் இருப்பது சார்ஜர்தான், அதிகமாக இழுக்கலாம் என்று தைரியம் கொள்ளும்.

என் பவர் பேங்கைப் போன்ற வேக வகைகளில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. சார்ஜர்தான் என்று தெரிந்த பிறகு, அதே இரண்டு கம்பிகளிலும் வெவ்வேறு அளவு மின்னழுத்தத்தை வைத்து, "5 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட் கொடு" என்று போன் கேட்கும். பவர் பேங்க் அதற்கு இணங்கி உயர்த்தும். சொருகியவுடன் வரும் சாதாரண Charging என்ற வரி, இரண்டு மூன்று வினாடிகள் கழித்து Charging rapidly என்று மாறுவதற்கு இந்தப் பேச்சுவார்த்தையே காரணம். அந்த இளைஞர் கேபிளை மாற்றியபோது நான் கவனித்த இடைவெளி இதுதான்.

தகவல் கம்பிகளே இல்லாத கேபிளில் இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் வழி இல்லை. யார் எதிரில் இருக்கிறார் என்று தெரியாத பல போன்கள் எச்சரிக்கையாக அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்கின்றன. பவர் பேங்க் 9 வோல்ட் கொடுக்கத் தயாராக இருந்தும் கேட்பாரில்லாமல் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், துளைக்கும் கேபிளுக்கும் நடுவில் வைக்கும் யூஎஸ்பி மீட்டர் ஒன்றை வாங்கினேன். ட்ரிம்மர் கேபிளை அதற்குள் வெட்டிவிட்டதால், வீட்டில் கிடந்த ஒரு சிறிய மின்விசிறியின் கேபிளை வைத்து அளந்தேன். அதிலும் தகவல் கம்பிகள் இல்லை. மீட்டர் காட்டியது 5.05 வோல்ட், 0.46 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 2.3 வாட். அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த பழைய கேபிளில் அதே போன், அதே துளை: 8.9 வோல்ட், 1.7 ஆம்பியர், 15 வாட்டுக்குச் சற்று மேல். ஆறு மடங்குக்கும் அதிகமான வேறுபாடு.

பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் ஆறு சதவீதம் மட்டுமே ஏறியது ஏன் என்பதும் இந்தக் கணக்கில் தெளிவாகிவிடுகிறது. அவருடைய போனில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. அதன் ஆற்றல் சுமார் 19 வாட்-மணி. எனவே ஒரு சதவீதம் என்பது 0.19 வாட்-மணி. உள்ளே நுழையும் 2.3 வாட்டில் போனின் சார்ஜ் சுற்றில் வெப்பமாகப் போவது போக 2 வாட் எஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். திரை எரிந்துகொண்டும், நெடுஞ்சாலையில் விட்டு விட்டு வரும் சிக்னலில் படங்களை அனுப்பிக்கொண்டும் இருந்த போன் அதில் ஒரு வாட்டுக்கு மேல் அப்போதைக்கு அப்போதே செலவழித்துவிடும். பேட்டரிக்குப் போய்ச் சேர்வது முக்கால் வாட்டுக்கும் குறைவு. அந்த அளவில் 95 நிமிடங்களுக்கு ஒரு வாட்-மணியைச் சற்றுத் தாண்டும். அதுதான் அந்த ஆறு சதவீதம். போனைத் தொடாமல் வைத்திருந்தால்கூட முழுதாக நிரம்ப ஒன்பது, பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

பவர் பேங்கின் கொள்ளளவும் குறைந்துவிட்டதாக நான் நினைத்திருந்ததற்கும் இதே காரணம்தான். முன்பு போனை ஒன்றரை முறை நிரப்பியது, பிறகு ஒரு முறைகூட நிரப்புவதில்லை என்பது என் குற்றச்சாட்டு. பயணத்தில் போனைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால், மெதுவாக வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பேட்டரி நிரம்புவதற்குள் பவர் பேங்க் காலியாகிறது. அண்மையில் போனை அணைத்துவைத்து, நல்ல கேபிளில் சோதித்தேன். 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஒரு முறை முழுதாகவும், மறுபடி 10 சதவீதத்திலிருந்து 60 வரையும் ஏறியது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டில் சொல்லப்படும் அளவு. ஆற்றலாகச் சொன்னால் 37 வாட்-மணி. மின்னழுத்தத்தை உயர்த்துவதிலும் போனுக்குள்ளும் ஆகும் இழப்புகளைக் கழித்துப் பார்த்தால், எனக்குக் கிடைத்தது 14 மாதம் பழகிய பொருளுக்கு நியாயமான அளவே. புதிது வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

அந்த இரவில் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய போன் 58 சதவீதத்தைத் தொட்டபோது, என்னுடையது 30-க்கு வந்திருந்தது. இரண்டாவது துளை சும்மாதானே இருக்கிறது என்று ட்ரிம்மர் கேபிளால் என் போனையும் அதில் சொருகினேன். உடனே அவருடைய திரையில் இருந்த Charging rapidly மறைந்து, வெறும் Charging மட்டும் நின்றது. என் கேபிளைப் பிடுங்கியதும் மறுபடி rapidly வந்தது. இரண்டு மூன்று முறை செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. என்னுடையதைப் போன்ற எளிய பவர் பேங்குகளில் இரண்டு துளைகளுக்கும் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஒன்றே இருக்கும். அது ஒரே நேரத்தில் ஒரு துளைக்கு 9 வோல்ட்டும் மற்றொன்றுக்கு 5 வோல்ட்டும் கொடுக்க முடியாது. 5 வோல்ட்டைத் தாண்டினால் பழுதாகக்கூடிய கருவி இரண்டாவது துளையில் இருக்கலாம் என்பதால், இரண்டிலும் ஏதாவது சொருகியிருக்கும்வரை 5 வோல்ட்டிலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பெட்டியின் அட்டையில் மிகச் சிறிய எழுத்தில், இரண்டு துளைகளும் சேர்ந்து 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருந்ததை வீட்டில் தேடிப் படித்தேன். 18 வாட் என்பது பெரிய எழுத்தில் முன்பக்கம் இருந்தது. என் போனைக் கழற்றி வைத்துக்கொண்டேன். அவருடைய தேவைதான் அப்போது பெரிது.

மெதுவாகச் சார்ஜ் ஏறுவதற்கெல்லாம் கேபிளே காரணம் என்று நான் சொல்லவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் எந்தப் போனும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் சூடேறிய போனும் அப்படித்தான். சில போன்களின் அதிவேகச் சார்ஜ் அவற்றின் சொந்தச் சார்ஜரோடு மட்டுமே பேசும். மற்றவற்றில் 10 வாட் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிள்களில் பேச்சுவார்த்தைக்கு வேறொரு கம்பி இருப்பதால், பச்சை, வெள்ளைக் கம்பிகள் இல்லாமலேயே வேகம் கிடைக்கும். தகவல் கம்பிகள் இல்லாத கேபிள்களிலும் சில, போன் பக்க முனைக்குள்ளேயே அந்த இரண்டு இணைப்புகளையும் சேர்த்துவைத்திருக்கும். அவற்றில் ஒன்றரை ஆம்பியர் வரை ஏறலாம், ஆனால் 9 வோல்ட் கிடைக்காது. ஆகவே சார்ஜ் குறைந்த நிலையிலும், போன் குளிர்ந்திருக்கும்போதும், ஒரே துளையில் மட்டும் சொருகியிருந்தும் Charging slowly என்று வந்தால், பவர் பேங்கைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கேபிளால் போனைக் கணினியுடன் இணைத்துப் பார்க்கலாம். கோப்பு மாற்றும் அறிவிப்பு வராவிட்டால், கம்பிகள் இல்லை அல்லது முனைக்கு அருகில் அறுந்துவிட்டன என்று கொள்ளலாம். நல்ல கேபிளும் நாளடைவில் இப்படி ஆகும். முனையை ஒட்டி மடிந்து மடிந்து மெல்லிய தகவல் கம்பிகள் முதலில் அறுந்து, தடித்த மின்கம்பிகள் மட்டும் மிஞ்சும்போது, சார்ஜ் ஏறிக்கொண்டே இருப்பதால் கேபிளின் மீது நமக்குச் சந்தேகமே வராது.

கோவில்பட்டியில் அவர் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. போனில் 91 சதவீதம் இருந்தது. தன் கேபிளைச் சுருட்டிக் கேமராப் பைக்குள் வைத்துக்கொண்டு, பவர் பேங்கை என் கையில் கொடுத்தார். "இது நல்லாத்தான் சார் இருக்கு, நல்ல கேபிள் ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இப்போது என் பையில் அலுவலகத்திலிருந்து மீட்ட பழைய கேபிள் இருக்கிறது. மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க அதன் இரு முனைகளிலும் சிவப்பு நூல் சுற்றிவைத்திருக்கிறேன்.